குக்கரை மெஷினில் போடலாம், மூடியை?

அக்கா வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போனபோது அடுப்பின் முன்னால் நின்று அலுத்துக்கொண்டிருந்தாள். "எப்பவும் மூணு விசில் வச்சா சாதம் பூவா இருக்கும். இப்போ கால் மணி நேரமா புஸ்ஸுனு சத்தம் மட்டும் வருது, விசிலே வரல. என்னன்னு பாருடி" என்றாள்.

அடுப்பில் இருந்தது ஐந்து லிட்டர் அலுமினிய குக்கர். மூடி வெளிப்பக்கமாகப் பொருந்தும் வகை. மூடியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நீர்த்துளிகள் கசிந்து, சூடான பக்கவாட்டில் வழிந்து சுர்ரென்று காய்ந்துகொண்டிருந்தன. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்தோம். அடியில் சாதம் கருகிப் பிடித்திருந்தது. மேலே அரை வேக்காடு. மூடியின் உட்புறம் கறுத்துப்போய்க் கிடந்தது. விரலால் தடவினேன். கரி பட்டதுபோல் சாம்பல் நிறம் ஒட்டியது.

அந்த ஐந்து மாதமும் தினமும் இரவு குக்கர், மூடி, கேஸ்கெட், வெயிட் எல்லாவற்றையும் ஒன்றாக மெஷினில் அடுக்கியிருக்கிறாள். தட்டும் டம்ளரும் பளபளவென்று வெளியே வந்ததால் குக்கருக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

மறுநாள் மூடியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, குக்கர், மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியை வெளியே எடுத்ததும், நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே, "மெஷின்ல போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பிறகு மூடியைக் கவிழ்த்து வைத்து, உலோகம், ரப்பர், ஆவி போகும் துளை, சேஃப்டி வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பார்த்த வரிசையிலேயே நாமும் பார்க்கலாம். டிஷ்வாஷர் குக்கர் மூடியை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது.

உலோகம்: அலுமினியத்துக்குக் காரம் ஆகாது

கையால் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் டிஷ்வாஷரில் போடும் தூளும் வேறு வேறு பொருள்கள். கையில் படுவது என்பதால் திரவ சோப்பில் காரம் அதிகம் இருக்காது. மெஷினில் தேய்க்கிற கை கிடையாது. எண்ணெயையும் பிசுக்கையும் ரசாயனமும் சூடும்தான் கழற்ற வேண்டும். அதனால் டிஷ்வாஷர் தூளிலும் டேப்லெட்டிலும் சலவைச் சோடாவைப் போன்ற காரப் பொருள்கள் நிறைய இருக்கும். அந்தக் கரைசலை 50 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாத்திரத்தின்மீது பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது மெஷின்.

அலுமினியத்தைப் பாதுகாப்பது அதன் மேலே தானாகவே படிந்திருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். தண்ணீரும் காற்றும் அந்தப் படலத்தை ஒன்றும் செய்வதில்லை. காரம் அதைக் கரைத்துவிடும். படலம் போனதும் உள்ளே இருக்கும் உலோகம் அரிபடத் தொடங்குகிறது. முதலில் பளபளப்பு மங்கும். அடுத்து சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். அந்த நிறம்தான் விரலில் ஒட்டுகிறது. மெஷினில் பக்கத்தில் இருக்கும் தட்டுகளிலும் கோடு கோடாகப் படிகிறது.

ஹார்ட் அனோடைஸ்டு குக்கர் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அது தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அனோடைஸ் செய்வது என்றால் அதே ஆக்சைடு படலத்தை மின்சாரம் செலுத்தித் தடிமனாக்குவதுதான். பொருள் அதேதான் என்பதால் காரத்தின் முன்னால் அதற்கும் அதே கதிதான்; கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. கறுப்பு வெளுத்து, திட்டுத் திட்டாகச் சாம்பல் தெரிய ஆரம்பித்தால் படலம் கரைகிறது என்று பொருள். அதற்குப் பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

சாதாரண அலுமினியத்தில் வந்த கறுப்பைப் பெருமளவு போக்கலாம். புளி அல்லது எலுமிச்சைத் தோல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துத் தேய்த்தால் வெளுக்கும். நிறம் மட்டும் மாறியிருந்தால் அதோடு பிரச்சினை முடிந்தது. கடைக்காரர் கவலைப்பட்டது விளிம்பைப் பற்றி. கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஊசியால் குத்தியதுபோல் சொரசொரப்பும் வெள்ளைப் பொடியும் அங்கே இருந்தால், எவ்வளவு புது ரப்பர் போட்டாலும் ஆவி கசியும். அக்காவின் மூடியில் நல்லவேளையாகப் பள்ளம் வழவழப்பாகவே இருந்தது.

எவர்சில்வர் குக்கரின் கதை வேறு. நல்ல எவர்சில்வரைக் காரம் அரிப்பதில்லை. அந்தப் பாத்திரத்தைத் தாராளமாக மெஷினில் போடலாம். ஒரே ஒரு இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்பாகம் சீராகச் சூடாவதற்காகப் பல குக்கர்களில் அடியில் அலுமினியத் தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டை எவர்சில்வர் முழுவதும் மூடியிருந்தால் கவலையில்லை. ஓரத்தில் அலுமினியம் வெளியே தெரியும்படி இருந்தால், மெஷினில் போடப்போட அந்த வளையம் மட்டும் கறுத்து அரிபடும்.

ரப்பர்: முதலில் தோற்பது இதுதான்

அக்கா வீட்டில் விசில் வராததற்குக் காரணம் கேஸ்கெட். கடைக்காரர் பழைய ரப்பரைக் கழற்றி, அதே அளவுள்ள புது ரப்பரை அதன்மேல் வைத்துக் காட்டினார். பழையது வெளிப்பக்கமாக ஒரு நூல் அளவுக்குப் பெருத்திருந்தது, வட்டமும் கோணியிருந்தது. பிறகு இரண்டையும் விரலால் மடித்தார். புதியது ரப்பர் மாதிரியே வளைந்தது. பழையது பிளாஸ்டிக் மாதிரி விறைத்தது. மடித்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன.

கேஸ்கெட்டின் வேலை மென்மையாக இருப்பதுதான். உள்ளே ஆவி அழுத்தம் ஏறும்போது ரப்பர் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நசுங்கி, இடைவெளி இல்லாமல் அடைக்கிறது. விறைத்த ரப்பரால் நசுங்க முடியாது. சமையல் சூடும் எண்ணெயும் படப்பட எந்த கேஸ்கெட்டும் ஒருநாள் விறைக்கத்தான் செய்யும். தினமும் சமைக்கும் வீட்டில் ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். டிஷ்வாஷர் அந்த ஓராண்டைக் குறைத்துவிடுகிறது. சமைக்கும்போது ஒருமுறை சூடுபட்ட ரப்பர், கழுவும்போது காரத்தோடு இன்னொரு முறை நீண்ட நேரம் சூடுபடுகிறது. அது போதாதென்று கடைசியில் உலர்த்தும் சூடு வேறு. தட்டு நிற்கும் கம்பிகளில் மாட்டித் தொங்கவிட்டால் தன் எடையிலேயே இழுபட்டு வட்டம் கோணும். சில மெஷின்களில் அடியில் சூடேற்றும் கம்பி வெளியே தெரியும்படி இருக்கும். நழுவி அதன்மேல் விழுந்த ரப்பர் அன்றோடு முடிந்தது.

சிலிகான் கேஸ்கெட் சூட்டை நன்றாகத் தாங்கும். அதற்குக் கேடு குறைவு. ஆனால் மெஷின் சோப்பின் வாசனையையும் குழம்பின் வாசனையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளில் குக்கரோடு வரும் கறுப்பு அல்லது சாம்பல் நிற ரப்பருக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

கேஸ்கெட்டைக் கழற்றாமல் மூடியோடு சேர்த்தே மெஷினில் போடுவது இன்னும் மோசம். ரப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் தண்ணீர்ப் பீய்ச்சல் எட்டாது. பருப்பு நுரை அங்கேயே தங்கும். சோப்புக் கரைசலும் தங்கும். மறுநாள் சாதத்தில் அது கலக்கும்.

துளையும் வெயிட்டும்: ஆபத்து இருக்கும் இடம்

இதுவரை சொன்னது எல்லாம் பணச் செலவு சார்ந்த விஷயம். இனி சொல்லப்போவது உயிர் சார்ந்தது.

வெயிட் உட்காரும் குழல் நடுவே சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை இருக்கிறது. குக்கருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் ஏறியதும் வெயிட் தூக்கி, ஆவியை வெளியே விட்டு, மறுபடி உட்காருகிறது. அதைத்தான் விசில் என்கிறோம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரி அளவில் கொதிக்கிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் வெயிட் தூக்காது, விசில் வராது; உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

மெஷின் இந்தத் துளையைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பக் கூடாது. கஞ்சியைக் கரைக்கும் நொதிகள் டிஷ்வாஷர் தூளில் உண்டு. ஆனால் துவரம்பருப்பின் தோல், சீரகம், கறிவேப்பிலைத் துணுக்கு இவையெல்லாம் அதில் கரைவதில்லை. கீழிருந்து பீய்ச்சும் தண்ணீர், மூடி சாய்ந்திருக்கும் கோணத்தில், குழலுக்குள் நேராக நுழைவது அபூர்வம். மெஷினுக்குள் ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதால் வேறு தட்டிலிருந்து கழன்ற ஒரு துணுக்கு இந்தத் துளையில் போய் உட்காரவும் கூடும். கடைசியில் உலர்த்தும் சூட்டில் அது அங்கேயே காய்ந்து இறுகும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொன்றும் சேரும். மெஷினில் அதற்கென்று போட வேண்டிய உப்பைப் போடாமல் விட்டால், தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். தட்டில் படிந்தால் துடைத்துவிடலாம். குழலுக்குள் படிந்தால் துளையின் அகலம் குறையும்.

கடைக்காரர் அக்காவின் மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குழல் வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு எங்களிடம் நீட்டினார். துளையின் ஒரு பாதியில் வெளிச்சம் தெரிந்தது, மறுபாதி இருட்டு. நூல் கோத்த ஊசியை விட்டு இழுத்தார். மஞ்சளாக ஒரு பருப்புத் தோல் வந்தது.

வெயிட் கனமான உலோகம். அதற்கு மெஷினால் பெரிய கேடு வராது. அதன் தலையில் இருக்கும் கறுப்புத் தொப்பிதான் நாளடைவில் வெளுத்துக் கீறல் விடும். சிறிய பொருள் என்பதால் கூடையிலிருந்து நழுவிச் சுழலும் கையில் சிக்கலாம். வெயிட்டின் உள்ளே இருக்கும் ஆவி வழிகளிலும் அழுக்கு தங்கலாம். குழாயடியில் அரை நிமிடம் பிடித்துக் குலுக்கிக் கழுவினாலே அது சுத்தமாகிவிடும். மெஷினுக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

மூடியின் கைப்பிடியையும் இங்கேயே சொல்லிவிடலாம். பேக்கலைட் கைப்பிடி மெஷினில் மினுமினுப்பு இழந்து வெளுக்கும். அதன் உட்குழிவில் தண்ணீர் தங்கும். திருகாணி துருப்பிடித்துத் தளரும். மேலே பொருந்தும் மூடிகளில் இரண்டு கைப்பிடியும் நேர்கோட்டில் வந்தால்தான் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடி ஆடினால் அந்த அடையாளமே பொய்யாகிவிடும்.

சேஃப்டி வால்வு: உருகாது, ஆனால்…

மெஷின் சூட்டில் சேஃப்டி வால்வு உருகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். வால்வின் நடுவில் இருப்பது எளிதில் உருகும் ஓர் உலோகக் கலவை. எளிதில் என்றால், வழக்கமான சமையல் சூடான 120 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். டிஷ்வாஷர் 70 டிகிரிக்கு மேல் போவது அபூர்வம். ஆகவே உருகாது. பருப்பு நுரையோ சுண்ணாம்போ அதன் உட்புறத்தில் பொருக்காகப் படிவதுதான் கவலை. பொருக்கு படிந்தால் உள்ளே ஏறும் சூடு அந்த உலோகத்தைத் தாமதமாகவே எட்டும். உருக வேண்டிய நேரத்தில் அது உருக வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு அக்காவின் ஞாயிற்றுக்கிழமையே சாட்சி. ரப்பர் விறைத்தது. ஆவி விளிம்பு வழியாகக் கசிந்தது. அழுத்தம் ஏறாததால் விசில் வரவில்லை. விசிலுக்காகக் காத்திருந்ததால் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கசிவு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அடி வறண்டு சாதம் கருகியது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வறண்ட சூட்டில் சேஃப்டி வால்வும் உருகியிருக்கக்கூடும். வால்வு போன குக்கர்களில் பெரும்பாலானவை தன் கடைக்கு இப்படித்தான் வருகின்றன என்றார் கடைக்காரர். "ஜனங்க வால்வு மட்டும் மாத்திட்டுப் போவாங்க. ரப்பரைப் பார்க்க மாட்டாங்க. ஒரு மாசத்துல மறுபடி வருவாங்க" என்றார்.

இதையே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ரப்பர் புதிது, இறுக்கமாக அடைக்கிறது. துளை மட்டும் அடைபட்டிருக்கிறது. ஆவிக்கு வழியே இல்லை. இப்போது நம்மைக் காப்பாற்ற மிச்சமிருப்பது சேஃப்டி வால்வு. மூடியின் பக்கத்தில் ஒரு சிறு திறப்பு உள்ள வகையாக இருந்தால், அது வழியாக கேஸ்கெட் பிதுங்கி ஆவியை விடும் ஏற்பாடும் உண்டு. இரண்டுமே கடைசிக் காவல்கள். முதல் காவலான துளையை நாம் திறந்து வைத்திருக்கும் வரை அவற்றுக்கு வேலை வராது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

எவர்சில்வர் பாத்திரத்தையும் உள்ளே வைக்கும் எவர்சில்வர் அடுக்குகளையும் மெஷினில் போடுங்கள். அலுமினியம், ஹார்ட் அனோடைஸ்டு இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். கேஸ்கெட்டும் வெயிட்டும் எந்தக் குக்கருடையதாக இருந்தாலும் கையால்தான் கழுவ வேண்டும்.

எவர்சில்வர் மூடியைப் போடலாம் என்று குக்கரோடு வந்த கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உட்புறம் பீய்ச்சலைப் பார்த்திருக்கும்படி, சுழலும் கையில் இடிக்காமல் நிறுத்தி வையுங்கள். வெளியே எடுத்ததும் குழாயைத் திறந்து, குழலுக்குள் தண்ணீர் பாய்ந்து மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

கையால் கழுவ மூன்று நிமிடம் போதும். ரப்பரைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் தொட்டு விரலால் உருவிக் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்புப் பக்கத்திலோ வெயிலிலோ வைக்காதீர்கள். மூடியின் பள்ளத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் தேயுங்கள். குழலுக்குள் ஊசியை விட்டு எடுங்கள். சேஃப்டி வால்வை மட்டும் ஊசியால் குத்த வேண்டாம், விரலால் துடைத்தாலே போதும். அடுத்த சமையல் வரை மூடியைப் பூட்டி வைக்காமல், பாத்திரத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். ரப்பர் நசுங்கியபடியே கிடந்தால் அந்த வடிவிலேயே நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை தண்ணீர்ச் சோதனை செய்யலாம். குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடி, வெயிட் போட்டுப் பெரிய தீயில் வையுங்கள். முதல் விசிலுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்கா புது ரப்பர் போட்ட அன்று ஆறு நிமிடம் ஆனது. ஒவ்வொரு மாதமும் அதே அளவு தண்ணீர், அதே அடுப்பு. நேரம் கூடிக்கொண்டே போனாலும், விளிம்பில் நீர்த்துளி தெரிந்தாலும் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. விளிம்பில் கசிவே இல்லாமல் விசிலும் வரவில்லை என்றால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள்; துளை அடைத்திருக்கிறது. நன்றாக ஆறி, அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகே திறக்க வேண்டும்.

மாற்றும்போது அந்தக் குக்கர் நிறுவனத்தின், அந்த மாடலுக்கான கேஸ்கெட்டையும் வால்வையுமே வாங்குங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற ரப்பர் கிட்டத்தட்டத்தான் அடைக்கும். உருகும் சூடு வேறான வால்வு, வேண்டிய நேரத்தில் உருகாது. வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அந்த முத்திரையோடு வாங்கிய குக்கரில் முகம் தெரியாத உதிரிபாகத்தைப் போட்டால், முத்திரைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

அக்கா இப்போது பாத்திரங்களை மெஷினில் அடுக்கிவிட்டு, மூடியை மட்டும் தனியே எடுத்து வைக்கிறாள். கழுவி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, மூடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் குழல் வழியாகப் பார்க்கிறாள். மெஷின் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் இந்தப் பார்வையை அதனால் பார்க்க முடியாது. இன்று இரவு உங்கள் மூடியையும் அப்படித் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாக முழுசாகத் தெரிந்தால் அடுப்பில் ஏற்றுங்கள். தெரியாவிட்டால் ஊசியை எடுங்கள்.